ஆயிரத்து எழுநூறு ரூபாய்: மலையக மேடைப் பேச்சைச் சுருக்குவதும் பிரிப்பதும்

நுவரெலியா மாவட்டத்தின் நான்கு தேர்தல் தொகுதிகளுள் ஒன்றான வலப்பனையில், இராகலை, ஹல்கரனோயா, உடப்புசல்லாவை எனத் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர்களும் சிங்களக் கிராமங்களும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. இத்தகைய ஊர்களில் நடைபெறும் அரசியல் கூட்டங்களில் எந்தக் கட்சி மேடை போட்டாலும் ஒரு தொகை கட்டாயம் பேசப்படும். அது நாட்சம்பளத் தொகை. 2016 முதல் 2021 வரை அத்தொகை ஆயிரமாக இருந்தது, 2024இல் ஆயிரத்து எழுநூறாக மாறியது, 2025இன் பிற்பகுதியில் ஆயிரத்து எழுநூற்று ஐம்பதாயிற்று. கூட்டம் முடிந்து கலையும் மக்கள் பேச்சின் பெரும்பகுதியை மறந்துவிட்டாலும் தொகையை மட்டும் மறக்காமல் கொண்டு செல்வதால், அடுத்த நாள் பிரட்டுக்களத்தில் எழும் கேள்வி எப்போதும் ஒன்றாகவே இருக்கிறது: “கொடுத்துவிட்டார்களா, கொடுப்பதாகச் சொன்னார்களா?” மேடைப் பேச்சைச் சுருக்கி எழுதும் எவரும் முதலில் விடை காண வேண்டிய கேள்வியும் இதுவே.

இக்கட்டுரையில் மூன்று சொற்கள் அடிக்கடி வரும். பேச்சாளர் உண்மை என்று முன்வைக்கும் ஒவ்வொரு தனிச் செய்தியும் கூற்று எனப்படும். இன்று கையில் உள்ள ஆவணத்தையோ பதிவையோ கொண்டு சரியா பிழையா என்று பார்க்கக்கூடிய கூற்று சரிபார்க்கத்தக்க கூற்று எனப்படும். பேச்சாளர் தாம் அல்லது தம் தரப்பு இனிமேல் செய்யப்போவதாக ஏற்றுக்கொள்ளும் செயல் வாக்குறுதி எனப்படும். வாக்குறுதி சொல்லப்பட்ட நாளில் மெய்யுமன்று, பொய்யுமன்று. அதை எடைபோடக் காலம் கடக்க வேண்டும். ஆகவே சரிபார்க்கத்தக்க கூற்றையும் வாக்குறுதியையும் ஒரே பட்டியலில் கலந்து எழுதும் சுருக்கம், சரிபார்க்க வேண்டியதைக் காத்திருக்க வேண்டியதாகவும் காத்திருக்க வேண்டியதை நடந்து முடிந்ததாகவும் வாசகருக்குக் காட்டிவிடுகிறது.

கொட்டகலை மே தினம், 2024

இந்தக் கலப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதை 2024 மே 1ஆம் திகதி கொட்டகலையில் நடந்த இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் மே தினக் கூட்டம் தெளிவாகக் காட்டுகிறது. அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அக்கூட்டத்தில், தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,700 ரூபாயாக உயர்த்தப்படுவதாகவும் அதற்கான வர்த்தமானி அறிவித்தல் வெளியாகியிருப்பதாகவும் அறிவித்தார். வர்த்தமானி என்பது அரசின் முடிவுகளை அதிகாரபூர்வமாக வெளியிடும் ஏடு. அதற்கு முந்தைய நாளான ஏப்ரல் 30இல் அவ்வறிவித்தல் வெளியாகியிருந்தது மெய்யே. 1,350 ரூபாய் நாட்சம்பளமும் 350 ரூபாய் உற்பத்தித்திறன் கொடுப்பனவும் சேர்ந்து 1,700 என்று அதில் கணக்குக் காட்டப்பட்டிருந்தது.

இந்த ஓர் அறிவிப்பைச் சுருக்குபவர் முன்னே குறைந்தது மூன்று செய்திகள் இருக்கின்றன. வர்த்தமானி வெளியானது என்பது சரிபார்க்கத்தக்க கூற்று; அந்த ஏட்டை எடுத்துப் பார்த்த அளவில் அது சரி என்று தெரிந்துவிடும். சம்பளம் 1,700 என்பது, எதிர்வரும் மாதங்களில் தொழிலாளரின் கைக்கு வரப்போகும் பணத்தைப் பற்றியது என்பதால், அன்றைய நிலையில் வாக்குறுதியே. 1,700 என்பது நாட்சம்பளம் என்று சொல்வதோ வேறொரு கூற்று. அதில் 350 ரூபாய் கொடுப்பனவு என்பதால் அதைச் சம்பளம் என்று அழைக்கலாமா என்பதே தனியாகப் பார்க்க வேண்டிய விடயமாகிறது. ‘ஜனாதிபதி சம்பளத்தை 1,700 ஆக்கினார்’ என்று ஒரே வரியில் எழுதும்போது இம்மூன்றும் ஒன்றாகக் குழைந்து, மெய்யான முதற் செய்தியின் பலம் மற்ற இரண்டுக்கும் கடனாகப் போய்விடுகிறது.

இலங்கையின் சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளத்தைத் தீர்மானிக்கும் வழி மேடையில் தொடங்கி மேடையில் முடிவதன்று. 1941ஆம் ஆண்டின் சம்பள சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் தொழிலாளர் பிரதிநிதிகளும் தொழில் தருநர் பிரதிநிதிகளும் அரசு நியமிக்கும் உறுப்பினர்களும் கூடும் சம்பள நிர்ணய சபையே தேயிலைத் தொழிலுக்கான தொகையை முடிவு செய்கிறது. முன்மொழிவு வெளியிடப்பட்டு, அதற்கான ஆட்சேபனைகள் கேட்கப்பட்டு, பிறகுதான் இறுதி முடிவு வர்த்தமானியில் வருகிறது. ஆக, ‘வர்த்தமானி வந்துவிட்டது’ என்னும் தொடரைக் கேட்டவுடன், அது முன்மொழிவின் வர்த்தமானியா, முடிவின் வர்த்தமானியா என்ற கேள்வி எழ வேண்டும். தோட்டத்தில் இவ்வேறுபாட்டை அறிந்தவர் மிகச் சிலரே என்பதாலேயே அச்சொல் மேடையில் அவ்வளவு கனமாக ஒலிக்கிறது.

பின்னர் நடந்தவை இப்பிரிப்பின் தேவையை நிலைநாட்டின. மே மாதத்தில் மேலும் ஒரு வர்த்தமானி வெளியாயிற்று. பெருந்தோட்டக் கம்பனிகள் இவ்வளவு தொகையைத் தாங்க இயலாது என்று நீதிமன்றத்தை நாடின. ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த அறிவித்தல் நடைமுறைக்கு வருவதை இடைக்கால ஆணையால் நிறுத்தியது. செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாய். மேடையில் ஒலித்த தொகைக்கும் சட்டமான தொகைக்கும் இடையே நாளொன்றுக்கு 350 ரூபாய் இடைவெளி. 25 நாள் வேலை செய்யும் ஒருவருக்கு அது மாதம் 8,750 ரூபாய். மே 2ஆம் திகதி எழுதப்பட்ட ஒரு சுருக்கம், ‘1,700 ரூபாய்க்கான வர்த்தமானி வெளியாகியுள்ளது, நாட்சம்பளம் 1,350, கொடுப்பனவு 350 எனத் தொகை பிரிக்கப்பட்டுள்ளது, கையில் கிடைப்பது இனிமேல் பார்க்க வேண்டியது’ என்று இருந்திருந்தால், செப்டம்பரில் அதில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருந்திராது.

இது 2024இல் மட்டும் நேர்ந்ததன்று. ஆயிரம் ரூபாய்க் கோரிக்கையின் கதையும் இதே தடத்தில்தான் சென்றது. 2020 ஜனவரியில், அவ்வாண்டு மார்ச் 1 முதல் நாட்சம்பளம் ஆயிரமாகும் என்று அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் அரசு அறிவித்தது. உரிய வர்த்தமானி வெளியானதோ 2021 மார்ச்சில். அதிலும் 900 ரூபாய் சம்பளம், 100 ரூபாய் வரவுசெலவுத் திட்ட நிவாரணப் படி என்ற பிரிப்பு இருந்தது. அதற்கு முன் 2016இன் கூட்டு ஒப்பந்தத்தில் 730 ரூபாய் என்று பேசப்பட்ட தொகைக்குள் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய் மட்டுமே; வருகைக்கு 60, உற்பத்தித்திறனுக்கு 140, தேயிலை விலைக்கு 30 என மற்றவை தனித்தனி நிபந்தனைகளோடு வந்தன. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்திலும் 1,750 என்பது ஒரே கையிலிருந்து வரும் பணமாகச் சொல்லப்படவில்லை: 1,350 ஆக இருந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,550 ஆவதும், அதன்மேல் அரசு 200 ரூபாய் வருகை ஊக்குவிப்புத் தருவதும் சேர்ந்தே 1,750. சம்பள உயர்வைக் கம்பனி கொடுக்க வேண்டும், ஊக்குவிப்பை அரசு கொடுக்க வேண்டும். ஒரு தொகைக்குள் இரண்டு வாக்குறுதிகள் இருக்கின்றன; அவற்றுள் ஒன்று மட்டுமே வாக்களிப்பவரின் சொந்தக் கையில் உள்ளது.

ஆகவே மலையகப் பேச்சில் சம்பளத் தொகை வரும் ஒவ்வோர் இடத்திலும் மூன்று விவரங்களைச் சுருக்கம் கேட்டாக வேண்டும்: அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, எஞ்சிய பகுதி எந்த நிபந்தனையோடு வருகிறது, கொடுப்பவர் யார். அடிப்படைச் சம்பளத்தைத் தனியே கேட்பதற்குக் காரணம் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் தொழில் தருநர் 12 வீதமும் கட்டுகின்றனர். ஊக்குவிப்புகளும் நிபந்தனைக் கொடுப்பனவுகளும் பெரும்பாலும் இக்கணக்குக்கு வெளியே நிற்பதால், தொகை எவ்வாறு பிரிக்கப்படுகிறது என்பது ஓய்வுபெறும் நாள் வரை தொடரும் விளைவுடையது.

வினைமுற்றில் ஒளிந்திருப்பவை

கூற்றையும் வாக்குறுதியையும் பிரிக்கும் முதற் கருவி தமிழ் வாக்கியத்தின் கடைசிச் சொல்லிலேயே இருக்கிறது. ‘கொடுத்தோம்’ என்பது கூற்று. ‘கொடுப்போம்’ என்பது வாக்குறுதி. ‘கொடுக்க வேண்டும்’ என்பது கோரிக்கை. ‘கொடுக்க வைப்போம்’ என்பது மற்றவரைச் செய்விப்பதற்கான வாக்குறுதி. ‘கொடுக்கப்படும்’ என்பது யார் கொடுப்பார் என்பதை மறைத்த வாக்குறுதி. இவ்வைந்தும் ஒரே தொகையோடு சேர்ந்து ஒரே பேச்சில் வரக்கூடும். சுருக்கும்போது இடத்தை மிச்சப்படுத்துவதற்காக வினைமுற்றை வெட்டி, ‘சம்பள உயர்வு’, ‘காணி உரிமை’ என்று பெயர்ச்சொற்களாக ஆக்குவது பரவலான பழக்கம். அப்படி ஆக்கிய கணத்திலேயே காலமும் செய்பவரும் போய்விடுகின்றனர். பிறகு எதைச் சரிபார்ப்பது என்பது யாருக்கும் தெரியாது. வேறு எதை வெட்டினாலும் வினைமுற்றை வெட்டலாகாது.

‘ஆக்கிவிட்டோம்’, ‘முடித்துவிட்டோம்’ என்னும் வடிவங்கள் தனிக் கவனத்துக்கு உரியவை. துணைவினையான ‘விடு’ செயல் முற்றாக முடிந்ததைக் காட்டுவது. மேடையிலோ முடிவெடுத்தாயிற்று என்ற அளவிலேயே அது பயன்படுகிறது. அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தாலும் ‘செய்துவிட்டோம்’, அடிக்கல் நாட்டினாலும் ‘செய்துவிட்டோம்’. எனவே இவ்வடிவம் வரும்போது, முடிந்தது எந்தப் படி என்பதைச் சுருக்கத்தில் எழுத வேண்டும். ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்பது இதற்கு நேர் எதிரானது. அது விளைவைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஒரு கடிதம் அனுப்பினாலும் நடவடிக்கை எடுத்ததாகிவிடும். 2025 பெப்ரவரி வரவுசெலவுத் திட்ட உரையில் நாட்சம்பளத்தை 1,700 ஆக்குவது பற்றிச் சொல்லப்பட்டது இவ்வகையைச் சேர்ந்த முன்மொழிவே. அதை ‘1,700 ஆகிறது’ என்று தலைப்பிடுவது சொல்லாத ஒன்றைச் சொன்னதாகக் காட்டும்.

‘நாங்கள்’, ‘நாம்’ என்னும் வேறுபாடும் அவ்வளவே முக்கியமானது. ‘நாங்கள் சாதிப்போம்’ என்பதில் கேட்பவருக்கு இடமில்லை. பேச்சாளரின் தரப்பு பொறுப்பேற்கிறது. ‘நாம் சாதிப்போம்’ என்பதில் முன்னே நிற்கும் கூட்டமும் அடங்கிவிடுவதால், அது வாக்குறுதி என்னும் நிலையிலிருந்து அழைப்பு என்னும் நிலைக்கு இறங்கிவிடுகிறது. நிறைவேறாவிட்டால் கேட்பதற்கு எதிரில் ஆள் இல்லை. சிங்களத்தில் ‘அபி’ என்ற ஒரே சொல் இரண்டையும் குறிக்கிறது. பேச்சுச் சிங்களத்தின் ‘தெனவா’ என்னும் வினையோ ‘கொடுக்கிறோம்’, ‘கொடுப்போம்’ என்ற இரு பொருளுக்கும் பொதுவானது. நாட்டுத் தலைவர்களின் உரைகள் சிங்களத்தில் நிகழ்ந்து, மேடையிலேயே தமிழில் சொல்லப்படும் கூட்டங்களில், இந்த இரு இடங்களிலும் தெரிவு செய்பவர் மொழிபெயர்ப்பாளர்தான். அவர் அவசரத்தில் ‘கொடுக்கிறோம்’ என்று சொன்னால் வாக்குறுதி ஒன்று நடப்புச் செய்தியாகிவிடும். ஆகவே தமிழ் ஒலிபரப்பை மட்டும் கொண்டு எழுதிய சுருக்கம், மூலம் சிங்களம் என்றால் அதைக் குறிப்பிட்டாக வேண்டும். முக்கிய வரிகளுக்கு மூலத்தைக் கேட்கவும் வேண்டும்.

இவற்றைவிட நுட்பமாக வேலை செய்பவை இடைச்சொற்கள் போன்ற சிறு கூறுகள். ‘மிச்ச வீடுகளையும் கட்டி முடிப்போம்’ என்னும் வாக்குறுதிக்குள், ஏற்கெனவே சில வீடுகள் கட்டி முடிந்தன என்ற கூற்று அந்த ‘உம்’மில் தங்கியிருக்கிறது. ‘தொடர்ந்து கொடுப்போம்’ என்பதில், இப்போது கொடுக்கப்படுகிறது என்பது அடங்கியுள்ளது. ‘நாங்கள்தான் பெற்றுத் தந்தோம்’ என்பதில் வரும் ‘தான்’ மற்ற எல்லோரையும் வெளியே தள்ளிவிடுகிறது. வாக்குறுதி என்று ஒரு வரியை ஒதுக்கி வைக்கும் முன், அதற்குள் மடித்து வைக்கப்பட்ட கூற்றை வெளியே எடுத்துச் சரிபார்க்கும் பட்டியலில் சேர்ப்பதே தேர்ந்த சுருக்கத்தின் அடையாளம்.

ஒரு பகுதியைப் பிரித்துப் பார்த்தல்

இம்முறை எவ்வாறு நடக்கிறது என்பதைக் காட்டுவதற்காகவே, மலையக மேடைகளில் வழக்கமாக ஒலிக்கும் தொடர்களைக் கொண்டு பின்வரும் பகுதி அமைக்கப்பட்டுள்ளது. இது எந்தத் தலைவரின் பேச்சுமன்று.

“உறவுகளே, இந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தருபவர்கள் நீங்கள். உங்களுக்குக் குடியுரிமை வாங்கிக் கொடுத்தது எங்கள் சங்கம்தான். சம்பளத்தை ஆயிரத்து எழுநூறு ஆக்கிவிட்டோம், வர்த்தமானியும் வந்துவிட்டது. மிச்ச லயங்களையும் உடைத்து, ஏழு பேர்ச் காணியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வீடு கட்டிக் கொடுப்போம். கம்பனிகள் சம்பளத்தைக் கொடுக்க மறுத்தால் தோட்டங்களைத் திருப்பி எடுக்க நடவடிக்கை எடுக்கப்படும். நாம் ஒன்றாக நின்றால் எதையும் சாதிக்கலாம்.”

முதல் வாக்கியம் பாராட்டு போல ஒலித்தாலும் அதில் ஒரு கூற்று உண்டு. தேயிலை ஏற்றுமதி நாட்டுக்கு அந்நியச் செலாவணி தருகிறது என்பது மத்திய வங்கியின் ஆண்டறிக்கையைப் பார்த்துச் சரிபார்க்கத்தக்கது. ஆனால் இலங்கைத் தேயிலையின் பெரும்பங்கு இன்று சிறுதோட்ட உடைமையாளர்களிடமிருந்து வருவதால், ‘தேடித் தருபவர்கள்’ என்பதைப் பெருந்தோட்டத் தொழிலாளர் மட்டும் என்று பொருள்கொண்டால் கூற்று நில்லாது. அவர்களும் என்று கொண்டால் நிற்கும். இப்படி இரு பொருள் தரும் வரியைச் சுருக்குபவர் தம் விருப்பப்படி ஒன்றாக்கிவிடாமல், எந்தப் பொருளில் சரி, எந்தப் பொருளில் சரியன்று என்பதைக் காட்டினால் போதும்.

இரண்டாவது வரியில் நிகழ்வு ஒன்றும் அதற்கான பெருமை ஒன்றும் உள்ளன. இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது பதிவான நிகழ்வு; அதை ஐயப்பட இடமில்லை. அது ‘எங்கள் சங்கத்தால்தான்’ நேர்ந்தது என்பதோ காரணம் பற்றிய கூற்று. 1948இல் குடியுரிமை பறிபோனதிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பல சங்கங்களும் கட்சிகளும் இரு நாட்டு அரசுகளும் இவ்விடயத்தில் பங்கு கொண்டிருக்கையில், ஒருவருக்கு மட்டும் முழுப் பெருமையையும் அளிப்பதை எந்த ஆவணமும் ஒரே அடியாக மெய்ப்பிக்காது. ஆகவே சுருக்கம் நிகழ்வைச் சரிபார்க்கத்தக்க கூற்றிலும், பெருமையைப் பேச்சாளரின் உரிமைகோரல் என்று பெயரிட்டுத் தனியாகவும் வைக்கிறது.

மூன்றாவது வரி கொட்டகலை விடயத்தின் மறுபதிப்பு என்பதால் அங்கு செய்த பிரிப்பையே இங்கும் செய்யலாம். நான்காவது வரியில் மூன்று அடுக்குகள் உள்ளன. லயங்களை உடைத்துத் தனி வீடு கட்டுவது வாக்குறுதி. எத்தனை வீடு, எந்த ஆண்டுக்குள், யார் பணத்தில் என்பது சொல்லப்படவில்லை, அந்த இன்மையையும் சுருக்கம் பதிய வேண்டும். ‘மிச்ச லயங்களையும்’ என்பதற்குள் சில லயங்கள் ஏற்கெனவே உடைக்கப்பட்டன என்ற கூற்று ஒளிந்திருக்கிறது. ஏழு பேர்ச் என்பது காணியின் அளவு பற்றியது. வீடு கிடைத்தவர்களுக்கு அந்தக் காணிக்கு உறுதிப்பத்திரம் கையில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. வீட்டைப் பெறுவதும் அது நிற்கும் நிலத்துக்கு உறுதி பெறுவதும் மேடையில் ஒரே மூச்சில் சொல்லப்பட்டாலும், நடைமுறையில் அவை இரு வேறு நாள்களில் நடப்பவை.

ஐந்தாவது வரி நிபந்தனையில் தொங்குகிறது. கம்பனிகள் மறுத்தால் என்ற நிபந்தனை நிறைவேறிய பிறகும், வாக்களிக்கப்பட்டது தோட்டங்களைத் திருப்பி எடுப்பதன்று. அதற்கான நடவடிக்கை மட்டுமே. ‘எடுக்கப்படும்’ என்ற செயப்பாட்டு வினை யார் எடுப்பார் என்பதையும் சொல்லவில்லை. இவ்வரியிலும் ஒளிந்த கூற்று ஒன்றுண்டு: திருப்பி எடுக்கலாம் என்பது, தோட்டக் காணிகள் அரசுக்கு உரியவை, கம்பனிகள் குத்தகைக்காரர்கள் என்ற செய்தியை உள்ளடக்கியது. 1990களில் தோட்டங்களின் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டதும் காணிகள் நீண்டகாலக் குத்தகைக்கு விடப்பட்டதும் உண்மை. குத்தகையை முறிக்க எந்த விதிகள் இடமளிக்கின்றன என்பதே சரிபார்க்க வேண்டியது. கடைசி வரியில் ‘நாம்’ வந்துவிட்டதால் அதில் கூற்றுமில்லை, வாக்குறுதியுமில்லை. சுருக்கத்தில் அதற்கு இடம் தேவையில்லை.

இவ்வளவையும் பிரித்த பின் எழுதப்படும் சுருக்கம் மூலத்தைவிட அதிகம் குறுகியிராது. அது ஏறத்தாழ இவ்வாறு அமையும்: “சம்பள உயர்வுக்கான வர்த்தமானி வெளியானதாகவும், 2003இன் குடியுரிமை தம் சங்கத்தின் முயற்சியால் கிடைத்ததாகவும், சில லயங்கள் ஏற்கெனவே அகற்றப்பட்டதாகவும் பேச்சாளர் கூறினார்; இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் ஆவணங்களால் பார்க்கத்தக்கவை, இரண்டாவதில் சட்டம் நிறைவேறியது உறுதி, பெருமை அவருடைய உரிமைகோரல். நாட்சம்பளம் 1,700 ஆகக் கைக்குக் கிடைக்கும் என்றும், எல்லாக் குடும்பங்களுக்கும் ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்றும் வாக்களித்தார். எண்ணிக்கையும் ஆண்டும் நிதி வழியும் சொல்லப்படவில்லை. கம்பனிகள் மறுத்தால் தோட்டங்கள் குறித்து நடவடிக்கை எடுக்கப்படும் என்றார். எடுப்பவர் யார் என்று குறிப்பிடவில்லை.” கைதட்டலும் உணர்ச்சியும் இதில் இல்லை. அவை பேச்சின் பகுதியே என்றாலும், தொழிலாளி அடுத்த மாதம் எதைக் கேட்டுப் போகலாம் என்பதற்கு இச்சுருக்கமே வழி செய்கிறது.

வாக்குறுதியின் வயது

வாக்குறுதிகளைத் தனியே எடுத்து வைத்த பிறகு அவற்றைத் தொடர்ந்து கவனிப்பது வேறொரு வேலை. கூற்றுகளுக்குச் சரி, பிழை, பாதி சரி என்ற அளவுகோல் போதும். வாக்குறுதிகளுக்கு நிறைவேறியது, நடக்கிறது, தேங்கி நிற்கிறது, கைவிடப்பட்டது என்ற வேறு அளவுகோல் தேவை. அமெரிக்காவின் பொலிடிஃபாக்ட் தளம் 2009இல் ஒபாமாவின் தேர்தல் வாக்குறுதிகளைப் பின்தொடர்வதற்கென்று தனி மானியைத் தொடங்கியது இதனால்தான். இலங்கையிலும் வெரிட்டே ரிசேர்ச் நிறுவனம் அரசியல்வாதிகளின் கூற்றுகளைச் சரிபார்ப்பதை ஒரு தளத்திலும், ஜனாதிபதியின் வாக்குறுதிகள் எந்த நிலையில் உள்ளன என்று பார்ப்பதை வேறொரு தளத்திலும் நடத்துகிறது.

இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி 2017 மே 12ஆம் திகதி நோர்வூட்டில் ஆற்றிய உரை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் என்ற வாக்குறுதி அங்கேதான் அறிவிக்கப்பட்டது. அதே உரையில், அப்போது நடந்துகொண்டிருந்த 4,000 வீட்டுத் திட்டம் பற்றிய கூற்றும் இருந்தது. அந்த 4,000, இலங்கை முழுவதற்குமான 50,000 வீட்டுத் திட்டத்தின் ஒரு பகுதி. மிச்சம் 46,000 வடக்குக் கிழக்குக்கு உரியவை. பிற்கால மேடைகளில் இவ்வெண்கள் கலந்து, இந்தியா 60,000 வீடுகள் கட்டிக் கொடுத்தது என்று ஒரே தொகையாகச் சொல்லப்படும்போது, முடிந்த வீடும் அறிவிக்கப்பட்ட வீடும், மலையக வீடும் வடக்குக் கிழக்கு வீடும் ஒன்றாகிவிடுகின்றன. கூட்டல் பிழையில்லை, கூட்டப்பட்டவை ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. நோர்வூட்டில் அறிவிக்கப்பட்ட 10,000இல் முதற்கட்டமான 1,300 வீடுகளுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 2024 பெப்ரவரியில், அதாவது அறிவிப்புக்கு ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கழித்து. இந்த வாக்குறுதி பொய்யாகவில்லை; 2017இல் எழுதிய சுருக்கம் அதை வாக்குறுதி என்று எழுதியிருந்தால், அதன் வயதை இன்று எண்ண முடிகிறது.

எங்கே பார்ப்பது

வலப்பனையில் இருக்கும் ஒருவர் கூற்றுகளைச் சரிபார்க்கக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. வர்த்தமானிகள் அரச அச்சகத் திணைக்களத்தின் தளத்தில் மூன்று மொழிகளிலும் திகதிவாரியாகக் கிடைக்கின்றன. பேச்சாளர் திகதியைச் சொன்னால் அதே நாளில் பார்த்துவிடலாம். காணி, வீடு பற்றிய உள்ளூர்க் கூற்றுகளுக்குப் பிரதேச செயலகமே முதல் வாசல். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அங்குள்ள தகவல் அலுவலரிடம் தமிழிலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். 14 வேலை நாள்களுக்குள் முடிவைச் சொல்ல அவர் கடமைப்பட்டவர். ‘இத்தனை வீடுகள் கட்டினோம்’ என்பதை எந்தத் தோட்டத்தில், எந்தப் பிரிவில், எந்த ஆண்டில் என்று உடைத்துக் கேட்டால் பதில் பயனுள்ளதாக வரும். மொத்தமாகக் கேட்டால் மொத்தமாகவே வரும்.

சில கூற்றுகளை எந்த அலுவலகத்திலும் பார்க்க முடியாது. ‘தொழிலாளர் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்’, ‘முன்னைய ஆட்சி உங்களை ஏமாற்றியது’ போன்றவற்றைப் பேச்சாளரின் கருத்து என்று குறித்து விட்டுவிடுவதே நேர்மை. பேச்சின் பதிவு முழுமையாகக் கிடைக்காமல், கைபேசியில் பரவிய இரண்டு நிமிடத் துண்டு மட்டுமே இருக்கும்போது, முன்னால் வந்த ‘இருந்தால்’, ‘வந்தால்’ போன்ற நிபந்தனைகள் அறுந்திருக்கக்கூடும் என்பதால், அத்துண்டைக் கொண்டு வாக்குறுதி என்று எதையும் தீர்மானிக்கலாகாது.

சம்பளத் தொகையைப் பொறுத்தவரை இறுதிச் சான்று சம்பளச் சீட்டுதான். அதைப் படிப்பதற்கும் ஒரு கணக்குத் தேவை. தோட்ட வழக்கில் ஒரு முழுநாள் வேலைக்கான பதிவு ‘பெயர்’ எனப்படும். தோட்டம் நிர்ணயித்த கிலோ அளவுக்குக் கொழுந்து பறிக்காதவருக்கு அரைப் பெயர் மட்டும் விழக்கூடும். அந்த அளவு தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் மாறும். 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் 25 பெயர் விழுந்த மாதத்தில் 33,750 ரூபாய் வரும். மழையாலோ கொழுந்துக் குறைவாலோ 18 பெயர் மட்டும் விழுந்த மாதத்தில் 24,300 ரூபாய்தான். ஆகவே ஒருவருடைய மாத வருமானத்தைக் காட்டி, சொன்ன சம்பளம் வரவில்லை என்றோ வந்துவிட்டது என்றோ முடிவு கட்டுவது பிழையாகலாம். சீட்டில் பெயர்களின் எண்ணிக்கை ஒரு வரியிலும், நாட்சம்பளம் இன்னொரு வரியிலும், கொடுப்பனவு வேறொரு வரியிலும் இருக்கும். மேடையில் ஒரே தொகையாக ஒலித்ததை அந்த மூன்று வரிகளோடும் தனித்தனியே ஒப்பிட வேண்டும். மேலதிகக் கிலோவுக்கான பணமும் கைக்காசும் சேர்ந்து தொகை கூடியிருந்தால், அவற்றைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். சேமலாப நிதிக்காகப் பிடிக்கப்பட்ட தொகையை 0.08ஆல் வகுத்தால், எந்தத் தொகை சம்பளமாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும்: 2,700 ரூபாய் பிடிக்கப்பட்டிருந்தால் கணக்கில் எடுக்கப்பட்டது 33,750 ரூபாய்.